ஒரு பக்க ஈமெயிலும் ராசாம்பாளையம் டோல்கேட்டும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் உங்க வேலையைப் பத்திப் பேசுங்க" என்றார். என் வேலையைப் பற்றிப் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நான் ப்ராடக்ட் மேனேஜர். சாப்ட்வேர் எழுதுகிறவன் இல்லை, விற்கிறவனும் இல்லை. திருச்செங்கோட்டில் லாரி வைத்திருக்கும் என் மாமா ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார்: "ஏம் மாப்ள, ப்ரோக்ராம் எழுதறவன் ஒருத்தன், விக்கறவன் ஒருத்தன். நடுவால நீ என்னதாம் பண்றே?" பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஈமெயில் எழுதறனுங்க மாமா" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது உண்மை. இன்று அப்படிப்பட்ட ஒரே ஒரு ஈமெயிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு பொருளையோ சேவையையோ மக்களிடம் விடும்போது, ஏதாவது ஒரு இடத்தில் 'இப்படியா, அப்படியா' என்று முடிவு எடுத்தே ஆகவேண்டும். விட்டுச் சில மாதம் கழித்து அந்த முடிவைப் பற்றி ப்ராடக்ட் மேனேஜர் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்புவார். என்ன முடிவு எடுத்தோம், அதற்காக எதை விட்டுக்கொடுத்தோம், அளந்து பார்த்ததில் என்ன தெரிந்தது. இந்த மூன்றுதான் அதில் இருக்கவேண்டும். கேட்க எளிது. நான் முதன்முதலில் எழுதியபோது நான்கு பக்கம் வந்தது. 'மாபெரும் வெற்றி' என்று ஆரம்பித்து, எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்திருந்தேன். என் மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பினார். மேலே ஒரே வரி எழுதியிருந்தார்: "இதில் நஷ்டப்பட்டவர் யார் என்று எங்கேயும் இல்லையே?" அந்த வரி இன்றுவரை என் மேஜையில் ஒட்டியிருக்கிறது.

என் கம்பெனிக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது, சொல்லவும் கூடாது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சேலத்திலிருந்து நாமக்கல் போனால் ராசாம்பாளையம் டோல்கேட். ஈரோட்டுப் பக்கம் போனால் வைகுந்தம். தர்மபுரிப் பக்கம் போனால் ஓமலூர். இந்த மூன்றிலும் பணம் கட்டாத வண்டிக்காரர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. அந்த டோல்கேட்டுகளில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்தான் இன்றைய பொருள். அதை அறிமுகம் செய்ததில் எடுத்த ஒரு முடிவைப் பற்றி, நான் அந்தப் பொறுப்பில் இருந்திருந்தால் என்ன ஈமெயில் எழுதியிருப்பேன் என்று எழுதிப் பார்த்தேன். இது என் பயிற்சிதான். அரசாங்கத்தில் யாரும் எழுதிய கடிதம் அல்ல.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010-ல் நந்தன் நிலேகனி தலைமையில் அமைந்த குழு, நாடு முழுக்க ஒரே மாதிரி ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டியை வைத்துச் சுங்கம் வசூலிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. இந்த ஒட்டிக்குள் பேட்டரி கிடையாது. டோல்கேட்டின் மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையையே சக்தியாக எடுத்துக்கொண்டு, தன் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும். அந்த எண் டோல்கேட்டின் வங்கிக்குப் போய், அங்கிருந்து என்.பி.சி.ஐ. வழியாக ஒட்டி கொடுத்த வங்கிக்குப் போய், கணக்கில் பணம் கழியும். பால்காரரிடம் டோக்கன் கொடுத்து வாங்குவது போலத்தான். காசு முன்னமே கட்டியாகிவிட்டது, வாசலில் பேரம் இல்லை.

2014-ல் அகமதாபாத் - மும்பை சாலையில் ஆரம்பித்தார்கள். மக்களை இழுக்க, 2016-17-ல் கட்டிய சுங்கத்தில் 10 சதவீதம் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 7.5, அதற்கடுத்து 5, பிறகு 2.5 என்று குறைத்தார்கள். 2017 டிசம்பர் முதல் புதிதாக விற்கும் நான்கு சக்கர வண்டிகளில் ஒட்டியே விற்கவேண்டும் என்றார்கள். இவ்வளவு செய்தும் பழைய வண்டிக்காரர்கள் பலர் வாங்கவில்லை. ஏன்?

இந்த இடத்தில்தான் மாமாவின் பதில் எனக்கு உதவியது. "நான் ஒட்டி வெச்சிருக்கறன். எனக்கு முன்னால நிக்கறவன் ஐநூறு ரூபா நோட்ட நீட்டிச் சில்லறைக்கு நிக்கறான். அவன் போனாத்தான நான் போக முடியும்? அப்பறம் எனக்கு எதுக்கு ஒட்டி?" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒட்டி ஒட்டியவரும் ஒட்டாதவரும் ஒரே வரிசையில் நின்றால் இருவரும் ஒரே நேரம்தான் காத்திருப்பார்கள். ஒருவர் ஒட்டினால் வரிசை முழுவதும் கொஞ்சம் வேகமாகும். அந்த லாபம் எல்லோருக்கும் பிரிந்துபோகும். ஆனால் ஒட்டுகிற சிரமம் மட்டும் அவருக்கே. பிறகு யார் முதலில் ஒட்டுவார்? தனி வழி ஒன்று ஒதுக்கினார்கள். அதிலும் காசுக்காரர்கள் நுழைந்தார்கள். நுழைந்தால் இரட்டைக் கட்டணம் என்று 2018-ல் விதி வந்தது. பின்னால் பத்து லாரி ஹாரன் அடிக்கும்போது, நுழைந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க எந்த ஊழியருக்கு நேரம்?

ஆக, முடிவு எடுக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஒரு பக்கம், காசு வழியையும் ஒட்டி வழியையும் சேர்த்தே வைத்து, மெள்ள மெள்ளக் கூட்டிக்கொண்டு போவது. மறுபக்கம், ஒரு தேதியைக் குறித்து, அன்று முதல் எல்லா வழியும் ஒட்டி வழி, ஒட்டி இல்லாவிட்டால் எங்கே நுழைந்தாலும் இரட்டைக் கட்டணம் என்று அறிவிப்பது. இரண்டாவதைத்தான் எடுத்தார்கள். 2019 டிசம்பர் 1 என்று தேதி குறித்தார்கள். கடைசி வாரத்தில் ஒட்டிக்குக் கூட்டம் அலைமோதியது. தேதி டிசம்பர் 15 ஆனது. அப்போதும் கால்பங்கு வழிகளைக் காசுக்கும் சேர்த்து ஒரு மாதம் விட்டுவைத்தார்கள். பிறகு 2021 ஜனவரி 1 என்றார்கள். அதுவும் தள்ளிப்போய், கடைசியில் 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் அமலுக்கு வந்தது.

இந்த முடிவின் பின்னால் இருக்கும் கணக்கை மாணவர்களுக்காக ஒரு நிமிஷம் சொல்கிறேன். வரிசைக் கணக்கு நம் பாடத்திட்டத்தில் இருந்தது. நானும் பாஸ் ஆனேன். ஆனால் அதன் அர்த்தம் டோல்கேட்டில் நின்றபோதுதான் புரிந்தது. ஒரு வழிக்கு மணிக்கு λ வண்டிகள் வருகின்றன. அந்த வழியால் மணிக்கு μ வண்டிகளை அனுப்ப முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு வண்டி வரிசையில் காத்திருக்கும் நேரம், மணிக்கணக்கில்:

```
W = λ / ( μ × (μ − λ) )
```

எண்களைக் கற்பனையாகவே போடுவோம். காசு வாங்கி, சில்லறை கொடுத்து, ரசீது கிழிக்க ஒரு வண்டிக்கு 15 விநாடி என்றால், மணிக்கு 240 வண்டி அனுப்பலாம். வருவது 220 வண்டி. போட்டுப் பாருங்கள்: காத்திருப்பு 165 விநாடி, அதாவது இரண்டே முக்கால் நிமிஷம். இப்போது ஒட்டியால் 15 விநாடி 5 விநாடியாகக் குறைந்தது. மணிக்கு 720 வண்டி அனுப்பலாம். அதே 220 வண்டிதான் வருகிறது. காத்திருப்பு 2 விநாடி சொச்சம். வேலை நேரம் மூன்றில் ஒன்றானது; காத்திருப்பு எழுபத்தைந்தில் ஒன்றானது! ரகசியம் அந்த அடைப்புக்குள் இருக்கும் கழித்தலில் இருக்கிறது. வருகிற வண்டி அனுப்பும் திறனை நெருங்க நெருங்க, கழித்து வரும் எண் சின்னதாகி, காத்திருப்பு மலையாக ஏறும். 220 வண்டிக்குப் பதில் 230 வந்தால், பத்தே வண்டி அதிகம், காசு வழியில் காத்திருப்பு ஐந்தே முக்கால் நிமிஷம் ஆகிவிடும். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு இதுதான் விடை. இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். கடைசியில் இதுவே நம்மைக் கவிழ்க்கப் போகிறது.

இப்போது நான் எழுதிய ஈமெயிலைப் படிக்கிறேன்.

பொருள்: எல்லா வழிகளையும் ஒட்டி வழியாக்கிய முடிவு - விட்டுக்கொடுத்தவையும் விளைவும்

அனைவருக்கும் வணக்கம்.

முடிவு: 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் எல்லா வழிகளையும் ஃபாஸ்டேக் வழிகளாக மாற்றினோம். செல்லத்தக்க ஒட்டி இல்லாத வண்டி இரண்டு மடங்கு கட்டவேண்டும்.

ஏன்: கட்டணத் தள்ளுபடியை மூன்று நான்கு ஆண்டுகள் கொடுத்தும் போதுமான பேர் மாறவில்லை. காசும் ஒட்டியும் ஒரே வரிசையில் இருக்கும்வரை, ஒட்டியவருக்குத் தனி லாபம் கிடைக்காது என்பதே காரணம் என்று கருதினோம்.

விட்டுக்கொடுத்தவை: ஒன்று, எப்போதாவது நெடுஞ்சாலையில் வருகிறவர். ஆண்டுக்கு இரண்டு முறை பழனிக்கும் திருப்பதிக்கும் போகிறவரும் ஒட்டி வாங்கி, அதில் பணம் போட்டு வைக்க வேண்டும், அல்லது இரட்டிப்பாகக் கட்டவேண்டும். இவருடைய சுமை கூடியது. இரண்டு, தேதி. இறுதித் தேதியைத் திரும்பத் திரும்ப நகர்த்தினோம். ஒவ்வொரு முறை நகர்த்தியபோதும் ஒட்டி வினியோகத்துக்கு அவகாசம் கிடைத்தது; ஆனால் எங்கள் வார்த்தையின் மதிப்புக் குறைந்தது. மூன்று, கருவிக் கோளாறு. ஒட்டி சரியாக இருந்து, கணக்கில் பணமும் இருந்து, டோல்கேட்டின் ரீடர் வேலை செய்யாவிட்டால் வண்டியை இலவசமாக விடவேண்டும் என்ற 2018-ம் ஆண்டு விதியை அப்படியே வைத்தோம். இதனால் சில இடங்களில் வருமானம் போகும். ஆனால் கருவியைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு யார் கையில் இருக்கிறதோ, நஷ்டமும் அவரிடமே இருக்கட்டும் என்று நினைத்தோம்.

விளைவு: அமலுக்கு வந்த இரண்டே நாளில் ஒட்டி மூலம் நடக்கும் வசூல் ஏறத்தாழ 80 சதவீதத்திலிருந்து 87 சதவீதமானது. நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி, 2018-19-ல் டோல்கேட்டில் சராசரி காத்திருப்பு 8 நிமிஷம். 2020-21, 2021-22 ஆண்டுகளில் 47 விநாடி.

ஈமெயில் இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. எழுதி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்திருந்து காலையில் படித்தேன். இரண்டு ஓட்டைகள் தெரிந்தன.

முதல் ஓட்டை, அந்த 8 நிமிஷமும் 47 விநாடியும். இரண்டு எண்களும் உண்மை. ஆனால் அவற்றுக்கு நடுவில் என்னென்ன மாறியது? ஒட்டி மட்டுமா? 2020-ல் கொரோனா வந்தது. மாதக்கணக்கில் சாலையில் வண்டி இல்லை. சற்று முன் போட்ட கணக்கைத் திரும்ப எடுங்கள். காசு வழியில் 220 வண்டிக்குப் பதிலாகப் பத்து சதவீதம் குறைந்து 198 வண்டி வந்தால் என்ன ஆகும்? ஒட்டியே இல்லாமல், அதே 15 விநாடி வேலைக்கே, காத்திருப்பு 165 விநாடியிலிருந்து 71 விநாடியாக இறங்கிவிடும். பாதிக்கும் கீழே! ஒரு ஒட்டியும் ஒட்டாமல் நாம் 'வெற்றி' என்று எழுதியிருப்போம். இந்த விஷயத்தில் ஒட்டிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021-22-ல் வண்டிகள் திரும்பி வந்த பிறகும் 47 விநாடி என்றே கணக்குச் சொல்வதால், பெரும்பங்கு ஒட்டியுடையதுதான் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் எவ்வளவு பங்கு என்று அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

பிறகு எப்படிச் சொல்வது? அளக்கிற இடத்தை மாற்றவேண்டும். ஒரே டோல்கேட், ஒரே கிழமை, ஒரே மணி நேரம். பிப்ரவரி 15-க்கு முந்தின நான்கு திங்கட்கிழமை சாயங்காலமும், பிந்தின நான்கு திங்கட்கிழமை சாயங்காலமும். எத்தனை வண்டி வந்தது என்பதையும் காத்திருந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவேண்டும். வந்த வண்டி எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருந்து, காத்திருப்பு மட்டும் இறங்கியிருந்தால், அது நம் முடிவின் விளைவு. வண்டியும் குறைந்திருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று: சராசரி நம்மை ஏமாற்றும். ராத்திரி இரண்டு மணிக்கு ராசாம்பாளையத்தில் நிற்காமல் போகும் ஆயிரம் வண்டிகளும், தீபாவளிக்கு முந்தின நாள் நிற்கும் வண்டிகளும் சேர்ந்துதான் சராசரி. நான் எழுதியிருந்தால், 'பத்தில் ஒரு வண்டி எவ்வளவு நேரத்துக்கு மேல் நின்றது' என்று இன்னொரு வரி சேர்த்திருப்பேன்.

இப்படி ஒரு அளவுகோலை அவர்களும் யோசித்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். 2021 மே மாதம் நெடுஞ்சாலை ஆணையம், நெரிசல் நேரத்திலும் ஒரு வண்டிக்கு 10 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது. வரிசை 100 மீட்டரைத் தாண்டினால், மஞ்சள் கோட்டுக்குள் வரிசை வரும்வரை வண்டிகளைக் கட்டணமில்லாமல் விடவேண்டும் என்றது. ப்ராடக்ட் மேனேஜர் கண்ணுக்கு இது ரொம்ப அழகான விதி. அளக்க ஸ்டாப்வாட்ச்கூட வேண்டாம். சாலையில் ஒரு கோடு போதும். டிரைவரும் பார்க்கலாம், ஊழியரும் பார்க்கலாம். ஆனால் அந்த விதி 2024-ல் வாபஸ் ஆகிவிட்டது. அளவுகோலை எடுத்துவிட்ட பிறகு, விளைவைப் பற்றிய ஈமெயிலில் யார் என்ன எழுத முடியும்?

இரண்டாவது ஓட்டையை நான் கண்டுபிடிக்கவில்லை. மாமா கண்டுபிடித்தார். ஈமெயிலைத் தமிழில் எழுதியிருந்ததால் அவரிடமே படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பொறுமையாகப் படித்தார்.

"எல்லாஞ் செரிதான் மாப்ள. எனக்கு இது லாபந்தான். முன்னெல்லாம் டிரைவர் கையில டோலுக்குன்னு ரொக்கங் குடுத்துட்டு, வந்தப்பறம் ரசீதுகளச் சேத்திக் கணக்குப் பாக்கோணும். இப்பக் கழியறப்பவே எம் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்துருது. வண்டி எங்க இருக்குதுன்னுங்கூடத் தெரிஞ்சுருது. ஆனா டிரைவர் எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"உன்ற மெயில்ல டிரைவர் எங்கடா? ஓனர் இருக்கறான், டோல்கேட் இருக்குது, திருப்பதி போறவன் இருக்கறான். வண்டிய ஓட்டறவனக் காணமே!"

பிறகு அவர் சொன்ன சம்பவத்தை உங்களுக்குச் சொல்கிறேன். வடக்கே முட்டை லோடு ஏற்றிப்போன வண்டி. நடுராத்திரி ஒரு டோல்கேட்டில் ரீடர் 'செல்லாது' என்றது. டிரைவர் போன் செய்தார். மாமா தூக்கத்தில் எழுந்து, கணக்கில் பணம் குறைந்திருப்பதைப் பார்த்து, உடனே பணம் போட்டார். போட்டும் வண்டியை விடவில்லை. ஏனென்றால் எந்தெந்த ஒட்டி செல்லாது என்ற பட்டியல் டோல்கேட்டுக்கு அவ்வப்போதுதான் வந்து சேரும். வங்கியில் பணம் ஏறிவிட்டது. டோல்கேட்டின் பட்டியலில் அந்த வண்டி இன்னும் கறுப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. பின்னால் ஹாரன். பாஷை தெரியாத ஊர். டிரைவர் தன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசை எடுத்து இரண்டு மடங்கு கட்டிவிட்டு வந்தார். வந்ததும் மாமா கொடுத்துவிட்டார், அது வேறு. "ஆனா எல்லா ஓனரும் குடுப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் என் மேலதிகாரி எழுதிய வரி மேஜையிலேயே ஒட்டியிருந்தது! விட்டுக்கொடுத்தவை என்ற பத்தியில் யார் யாரையோ யோசித்தேன். ஆனால் பணத்தின் கணக்கு ஒருவர் கையிலும், அபராதம் இன்னொருவர் கையிலும் இருக்கும் நிலையை யோசிக்கவில்லை. முன்பு ரொக்கம் டிரைவர் கையில் இருந்தது. ஆகவே தீர்வும் அவர் கையில் இருந்தது. ஒட்டி வந்தபிறகு கணக்கு முதலாளியின் போனுக்குப் போய்விட்டது. டோல்கேட்டில் நிற்பது மட்டும் டிரைவரிடமே தங்கிவிட்டது. கார் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவரே முதலாளி, அவரே டிரைவர். பொருளைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கார்க்காரர்கள். நாமக்கல் போன்ற லாரி ஊரிலிருந்து போன நானே இதை மறந்தேன் என்றால், மற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

ஆகவே ஈமெயிலில் ஒரு பத்தி சேர்த்தேன். அதையும் படித்துவிடுகிறேன்.

நாங்கள் கவனிக்கத் தவறியது: இரட்டைக் கட்டணம் என்பது ஒட்டி வாங்க மறுப்பவரை மாற்றுவதற்காக வைத்தது. ஆனால் ஒட்டி இருந்தும் அந்த நேரத்தில் அது செல்லாமல் போனவரும் அதே அபராதத்தைக் கட்டுகிறார். இந்த இருவரையும் நாங்கள் தனித்தனியாக எண்ணவில்லை. இரட்டைக் கட்டணம் கட்டிய வண்டிகளில் எத்தனையில் ஒட்டி இருந்தது, அவற்றில் எத்தனை லாரி, எத்தனை கார் என்று இனி மாதாமாதம் எண்ணவேண்டும். முதல் வகை குறைந்து இரண்டாம் வகை அப்படியே நின்றால், அபராதத்தின் வேலை முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது எங்கள் கோளாறு.

இதை நான் எழுதியதற்குப் பிறகு, 2025 நவம்பர் 15 முதல் விதி மாறியது. செல்லத்தக்க ஒட்டி இல்லாத வண்டி, காசாகக் கட்டினால் பழையபடி இரண்டு மடங்கு, யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்றானது. நூறு ரூபாய்ச் சுங்கத்துக்கு இருநூறு கட்டிய இடத்தில் நூற்றிருபத்தைந்து. நடுராத்திரி நின்ற டிரைவருக்கு இது பெரிய வித்தியாசம். அவர் கையில் போன் இருந்தால் அவரே தீர்த்துக்கொள்ளலாம். தீர்வு திரும்ப அவர் கைக்கு வந்தது. என் ஈமெயிலைப் படித்துவிட்டு மாற்றினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதை மாமாவையும் என்னையும் தவிர யாரும் படிக்கவில்லை! முடிவு எடுத்து நாலே முக்கால் ஆண்டு கழித்து இந்தத் திருத்தம் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. யாரை எண்ணாமல் விட்டோம் என்ற பத்தி முதல் ஈமெயிலிலேயே இருந்திருந்தால், அதைத் தேட நாலே முக்கால் ஆண்டு ஆகியிருக்காது.

மாணவர்களில் பலர் அடுத்த ஆண்டு வேலைக்குப் போவீர்கள். என்றாவது ஒருநாள் இப்படி ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அப்போது இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள். முடிவை இரண்டு வரியில் எழுதுங்கள். எதை எடுக்கவில்லை, ஏன் என்று எழுதுங்கள். யாருடைய சுமை கூடியது என்று ஆள் அடையாளம் சொல்லி எழுதுங்கள். 'சிலருக்குச் சிரமம்' என்று எழுதாதீர்கள். எண்ணைப் போடும்போது, அதே காலத்தில் வேறென்ன மாறியது என்பதைப் பக்கத்திலேயே போடுங்கள். எழுதி முடித்ததும், அந்தப் பொருளைக் கையால் தொடுகிற ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு மாமா கிடைத்தார். உங்களுக்கும் ஒருவர் கிடைப்பார். நம் பக்கத்தில் லாரி ஓட்டாத குடும்பம் ஏது?

போன மாதம் மாமாவைப் பார்த்தேன். "இப்ப என்ன மாப்ள பண்றே?" என்றார். "அதே ஈமெயில்தானுங்க மாமா" என்றேன். இந்த முறை சிரிக்கவில்லை. "எழுது எழுது. எழுதுனா எனக்கு ஒண்ணு அனுப்பு" என்றார். ஒரு ப்ராடக்ட் மேனேஜருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யாரும் கொடுத்ததில்லை.

பின்வரிசையில் சாம்பார் வாசனை வருகிறது. ஆகவே இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்.